முதலில் வரைவு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: மேனேஜரின் அரைகுறை மெசேஜை எப்படிச் சமாளிப்பது?

ஜூலை முதல் வாரம், காலை 11.10 மணி. "போன குவார்ட்டர் சேல்ஸ் ரிப்போர்ட் ரெண்டு மணிக்குள்ள அனுப்புங்க" என்று மேனேஜரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அனுப்பிவிட்டு அவர் மீட்டிங்குக்குள் போய்விட்டார். ஒரு மணிக்கு முன்னால் வெளியே வரமாட்டார்.

நீங்கள் கோவையில், வாட்டர் பியூரிஃபையர் விற்கும் ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மெசேஜைப் பார்த்ததும் நான்கு சந்தேகங்கள் வருகின்றன. எந்தக் குவார்ட்டர்? ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ஏரியா வாரியாகவா, மாடல் வாரியாகவா? திரும்பி வந்த சரக்கைக் கழிக்கணுமா?

நான்கையும் டைப் செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். அப்படிச் செய்தால் பதில் வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், கையில் ஒரு வரிகூட இருக்காது. இன்னொரு பக்கம், எதையுமே கேட்காமல் நாமே முடிவு செய்து "ஃபைனல்" என்று அனுப்பினால், அது வேறு ரிஸ்க். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம் அனுபவத்தில் எது சரியாக இருக்குமோ அதை வைத்து ஒரு வரைவைத் தயார் செய்து, அதன் கடைசியில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது.

நான்கில் மூன்று கேள்விகளுக்கு நம்மிடமே பதில்

முதல் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுப்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல் காலாண்டு. ஜனவரியில் தொடங்கும் காலண்டர்படி அதே மூன்று மாதங்கள் இரண்டாம் காலாண்டு. பெயர்தான் மாறுகிறது, மாதங்கள் மாறவில்லை. ஜூலையில் "போன குவார்ட்டர்" என்றால் எப்படிப் பார்த்தாலும் ஏப்ரல்–ஜூன்தான். தலைப்பில் "Q1" என்று போடாமல் மாதங்களின் பெயரையே எழுதிவிட்டால், கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்து ஜிஎஸ்டி. அது வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய பணம், நம் வருமானம் இல்லை. அதனால் விற்பனைக் கணக்கை வரி சேர்க்காமல் போடுவதுதான் வழக்கம். மூன்றாவது, ஏரியாவா மாடலா என்பது. மெயிலில் போன ரிப்போர்ட்டைத் தேடித் திறந்தால் ஏரியா வாரியாக இருக்கிறது. அதே ஃபார்மேட்டில் போடலாம். ஒருவேளை அவர் மாடல் வாரியாகக் கேட்டால், எக்ஸலின் பிவட் டேபிளில் ஒரு ஃபீல்டை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

அப்போ எதைக் கேட்பது?

மிச்சமிருப்பது நான்காவது சந்தேகம். ஏப்ரல்–ஜூன் விற்பனை 84.6 லட்சம் ரூபாய். ஜூன் முடியும் முன்பே திரும்பி வந்த சரக்கு இதில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஆனால், ஜூன் கடைசியில் பில் போட்டு அனுப்பிய 2.3 லட்சம் ரூபாய் சரக்கு ஜூலை 2-ம் தேதி திரும்பி வந்திருக்கிறது. அதற்கான கிரெடிட் நோட்டும் ஜூலை தேதியில்தான் இருக்கிறது.

கிரெடிட் நோட் தேதியைப் பின்பற்றினால் மொத்தம் 84.6 லட்சம். ஜூன் விற்பனையிலேயே கழித்தால் 82.3 லட்சம். டார்கெட் 83 லட்சம். அதாவது, இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் டார்கெட் எட்டியதா, எட்டவில்லையா என்பதே இருக்கிறது. பழைய மெயிலில் இதற்கு விடை இல்லை. மேனேஜர் இந்த ரிப்போர்ட்டை எதற்குக் கேட்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. ரிசல்ட்டையே புரட்டிப்போடக்கூடியது, அதே நேரம் நம்மால் கண்டுபிடிக்க முடியாதது என்ற இரண்டும் சேர்ந்திருப்பதால், கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மெசேஜ் எப்படி இருக்கணும்?

12 மணிக்கு ஃபைலுடன் இப்படி அனுப்பலாம்:

"சார், ஏப்ரல்–ஜூன் சேல்ஸ் ரிப்போர்ட், வரைவு. ஜிஎஸ்டி சேர்க்காம, போன தடவை மாதிரி ஏரியா வாரியா போட்டிருக்கேன். மொத்தம் 84.6 லட்சம். ஒரே ஒரு டவுட்: ஜூலை 2-ல ரிட்டர்ன் வந்த 2.3 லட்சத்தை ஜூன்லயே கழிச்சிடவா? கழிச்சா மொத்தம் 82.3 லட்சம், டார்கெட்டுக்குக் கீழ போயிடும்."

நம் ஊகங்கள் ஒரே வரியில் வெளிப்படையாக இருக்கின்றன. தப்பாக இருந்தால் அவர் கண்ணில் உடனே படும். கேள்வி கடைசியில் தனியாக நிற்கிறது. அதற்கு என்ன பதில் வந்தாலும் எண் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மீட்டிங் நடுவில் போனைப் பார்த்தாலும் "கழிச்சிடுங்க" என்று ஒரே சொல்லில் பதில் போடலாம். அது வந்ததும் ஐந்து நிமிடத்தில் ஃபைனல் ரெடி.

"ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க சார்" என்று முடிப்பது கேள்வியே இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால், படிப்பவர் "ஓகே" போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரே மெசேஜில் மூன்று கேள்வி கேட்டாலும் சிக்கல்தான். பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

எங்கே இது வேலைக்கு ஆகாது?

தப்பைத் திருத்த ஐந்து நிமிடம் போதும், அந்தத் தப்பும் மேனேஜரின் போனைத் தாண்டிப் போகாது. அதனால்தான் இங்கே ஊகிக்க முடிந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடிய இருவழிக் கதவு ஒன்று. போனால் திரும்ப முடியாத ஒருவழிக் கதவு மற்றொன்று. வரைவு அனுப்புவது முதல் வகை.

அதே கணக்கை ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்வது அப்படி இல்லை. GSTR-3B படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டால் திருத்த முடியாது, அடுத்து வரும் மாதங்களின் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும். ஆயிரம் வாடிக்கையாளர்களுக்குப் போகும் விலைப்பட்டியலும், பேங்க் டிரான்ஸ்ஃபரும் இதே ரகம்தான். இங்கெல்லாம் சென்ட் பட்டனைத் தொடும் முன்பே எல்லாச் சந்தேகங்களையும் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வரைவு ஃபார்வர்டு ஆகி, ஃபைனல் போல ஹெட் ஆபீஸுக்குப் போய்விடலாம். அப்போது இருவழிக் கதவு ஒருவழிக் கதவாகிவிடும். அதனால் மெசேஜில் மட்டுமல்லாமல், ஃபைல் பெயரிலும் முதல் பக்கத்திலும் "வரைவு" என்று இருக்கட்டும்.

சரி, ஒன்றரை மணி வரை பதிலே வரவில்லை என்றால்? பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை போன் அடித்துப் பாருங்கள். அப்போதும் கிடைக்கவில்லை என்றால், "ஜூலை 2-ல் திரும்பிய 2.3 லட்சம் ரூபாய் சரக்கு கழிக்கப்படவில்லை" என்று மொத்தத் தொகைக்குக் கீழேயே எழுதி, இரண்டு மணிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். யார் கைக்குப் போனாலும் அந்த வரியும் எண்ணோடு சேர்ந்தே போகும்.