பெரட்டில் தொடங்கி மடுவத்தில் முடியும் கணக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை நாள் பெரட்டுக்களத்தில் தொடங்குகிறது. காலையில் ஆட்கள் அங்கே கூடியதும் கணக்கப்பிள்ளை பேர் பதிகிறார். இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் புல்வெட்டுக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு என்று பிரிக்கிறார். அதன்பின் கங்காணி தன் ஆட்களை மலைக்கு அழைத்துப்போய் ஆளுக்கு ஒரு நிரை காட்டுகிறார். தோட்டத்தில் மலை என்றால் எண் இட்ட ஒரு தேயிலைப் பகுதி.

இந்தப் பிரிப்பில் கொழுந்துக்கே முதலிடம். புல்வெட்டு ஒரு வாரம் தள்ளிப்போனால் தாங்கும். கொழுந்து தாங்காது. பறித்த செடியில் ஏழு முதல் பத்து நாளில் அடுத்த கொழுந்து தயாராகிவிடும். அதற்குள் திரும்பி வராவிட்டால் இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தது முற்றிப்போகும். அந்த இலையில் நல்ல தேயிலை வராது.

நாளில் இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படுகிறது. மாலையில் கடைசி நிறுவை. சாக்கின் எடையையும், மழை நாளில் ஈரத்துக்கென ஓர் அளவையும் கழித்துத்தான் கிலோ எழுதுகிறார்கள். பல தோட்டங்களில் குறித்த கிலோவை எட்டினால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஆகவே மடுவத்தில் எழுதும் ஒரு கிலோகூடச் சம்பளத்தைத் தொடும். எடையைக் கேட்டு, எழுதியதைப் பார்த்த பிறகே தொழிலாளி நகர வேண்டும். கழிவு எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

கிலோவும் பேரும் எழுதியாயிற்று என்று கணக்கை மூடிவிட முடியாது. பறித்து முடித்த பரப்பையும் எழுத வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு நாள் சுற்றில் தினம் 6 ஹெக்டேர் முடிய வேண்டும், அதற்கு 45 பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்கள் 36 பேர். ஆளுக்கு 18 கிலோ வீதம் 648 கிலோ சேர்கிறது. தலைக்கு இத்தனை கிலோ என்று பார்த்தால் குறையே இல்லை. ஆனால் முடிந்தது 4.8 ஹெக்டேர்தான், 1.2 ஹெக்டேர் மிச்சம். இப்படியே ஐந்து நாள் போனால் மிச்சம் 6 ஹெக்டேராகிவிடும். ஏழு நாள் சுற்று எட்டு நாளாகிறது.

முற்றிய இலை பெரிது, எடையும் கூடுதல். அதனால் சுற்று பிந்தும்போது கிலோ கூடக்கூடும். கிலோவை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். பிந்தியதைப் பரப்புக் கணக்குதான் காட்டும். இல்லாவிட்டால் தொழிற்சாலையில் இலையைத் தரம் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பல மலைகள் முற்றியிருக்கும்.

எனவே மறுநாள் பெரட்டில் நேற்றைய மிச்சத்துக்கே முதலில் ஆள் விட வேண்டும். ஆள் போதாவிட்டால் புல்வெட்டிலிருந்து சிலரைக் கொழுந்துக்கு மாற்றலாம். எத்தனை பேரை மாற்றுவது என்பதை முந்தின நாள் மாலையில் எழுதிய பரப்பே சொல்லிவிடும்.