லேப்ஸ் ஆன பாலிசிக்கு ‘போனஸ்’ வந்திருக்கிறது என்றால்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2006-ல் 2 லட்சம் ரூபாய் காப்புத்தொகைக்கு 20 ஆண்டு எண்டோமெண்ட் பாலிசி எடுத்தார். எட்டு வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டினார். அப்புறம் மகள் கல்யாணம், தோட்டத்தில் போர்வெல் என்று செலவு முட்டிக்கொண்டதில் கட்டுவது நின்றுபோனது. பாண்டு பத்திரம் பீரோவில் கிடக்கிறது. போன பணம் போனதுதான் என்று அவரும் விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் போன் வருகிறது. பாலிசி எண், பிறந்த தேதி, நாமினி பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். “சார், உங்க பாலிசி லேப்ஸ் ஆனாலும் போனஸ் சேர்ந்துட்டே இருந்திருக்குதுங்க. மொத்தம் 6 லட்சத்து 40 ஆயிரம். இந்த வாரம் ஃபைல் க்ளோஸ் ஆயிடும். ப்ராசஸிங் சார்ஜ் 12,500 மட்டும் கட்டிட்டீங்கன்னா பணத்தை ரிலீஸ் பண்ணிடலாம்.”

தவறாமல் பிரீமியம் கட்டி வருகிறவருக்குத் தன் பாலிசி எவ்வளவு தரும் என்று ஓரளவு தெரியும். பாதியில் விட்டவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒன்றும் வராது என்று நினைத்திருப்பவரிடம் எந்தத் தொகையைச் சொன்னாலும் எடுபடும். மோசடிக்காரர்களுக்கு வேண்டியது அந்த அறியாமைதான். அதனால் முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அந்தக் காலத்துப் பாலிசிகளில் பொதுவாக 3 ஆண்டு பிரீமியம் கட்டிவிட்டால், பிறகு நிறுத்தினாலும் பாலிசி முழுதாகச் செத்துவிடாது. ‘பெய்டு-அப்’ ஆகிவிடும். கட்டிய ஆண்டுகளின் விகிதத்துக்குக் காப்புத்தொகை குறையும். நம் ஆசிரியர் 20-ல் 8 ஆண்டு கட்டினார், எனவே 2 லட்சம் என்பது 80,000 ஆகிறது. போனஸை ஆண்டுதோறும் ஆயிரம் ரூபாய் காப்புத்தொகைக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். கணக்கு வசதிக்காக 40 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,000, எட்டு ஆண்டுக்கு 64,000. பிரீமியம் நின்ற பிறகு புதிதாகப் போனஸ் சேராது. ஆக முதிர்வில் வரவேண்டியது சுமார் 1,44,000 ரூபாய். 20 ஆண்டும் முழுக்கக் கட்டியிருந்தால்கூட இதே வீதத்தில் 3,60,000-தான், அதற்கு மேல் இறுதிக் கூடுதல் போனஸ் ஏதாவது இருந்தால் உண்டு. பாதியில் விட்டவருக்கு 6,40,000 எங்கிருந்து வரும்? ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தாலே இந்த அழைப்பின் சாயம் வெளுத்துவிடும்.

அந்த 1,44,000 நிஜமாகவே அவருக்குச் சேரவேண்டிய பணம் என்பதுதான் இதில் வருத்தமான சங்கதி. அதை வாங்க பாலிசி எடுத்த கிளை அலுவலகத்துக்கு ஒருமுறை போனால் போதும். எல்.ஐ.சி. என்றால் முதிர்வுத் தேதிக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே கடிதம் அனுப்புவது வழக்கம். வீடு மாறியதால் அது கைக்கு வராமல் போயிருக்கலாம். டிஸ்சார்ஜ் படிவம், பாண்டு பத்திரம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரத்துக்கு ரத்து செய்த காசோலை ஒன்று. கொடுத்தால் பணம் நேராகக் கணக்கில் ஏறும். இதற்குக் கட்டணம் கிடையாது.

12,500 கட்டியதோடு விடமாட்டார்கள். அடுத்த வாரம் ஜி.எஸ்.டி., அதற்கடுத்து டி.டி.எஸ்., பிறகு ‘என்.ஓ.சி.’, ‘ரிசர்வ் வங்கி அனுமதி’ என்று ஒவ்வொன்றாக வரும். கட்டினவருக்கு, இவ்வளவு கட்டிவிட்டோம், இப்போது விட்டால் அதுவும் போய்விடுமே என்ற பயம். இரண்டாவது தவணையிலிருந்து கறப்பது அந்தப் பயத்தைத்தான்.

இதில் வரும் பெயர்கள் எல்லாம் உண்மையானவை, சொல்லும் வேலைதான் பொய். ஜி.எஸ்.டி. பிரீமியத்துக்கு விதிக்கப்பட்ட வரி, முதிர்வுத் தொகைக்கு அல்ல. தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கே 2025 செப்டம்பர் 22 முதல் அதை எடுத்துவிட்டார்கள். டி.டி.எஸ். உண்மையில் உண்டு, ஆனால் வரிவிலக்கு இல்லாத பாலிசிகளுக்கு மட்டும், அதிலும் லாபப் பகுதியில் 2 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் அதிகம். எப்படியானாலும் நிறுவனமே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். பாலிசி மேல் வாங்கிய கடனும் அப்படித்தான் கழிக்கப்படும். ரிசர்வ் வங்கிக்கும் உங்கள் முதிர்வுத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. காப்பீட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., தான் பாலிசி விற்பதோ போனஸ் அறிவிப்பதோ இல்லை என்று பலமுறை பொது அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது.

முத்திரை குத்திய கடிதம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் நம்பிவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023 தொடக்கத்தில் டெல்லி போலீஸின் இணையக் குற்றப் பிரிவு பிடித்த வழக்கு ஒன்று உண்டு. காப்பீட்டுப் பணத்தை விடுவிப்பதாகச் சொல்லி ஏமாற்றிய நான்கு பேர் கைதானார்கள். அவர்கள் அனுப்பிய போலிக் கடிதங்களில் இருந்தது மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் கையெழுத்து. கோப்பு ஒன்றுக்காக நிதியமைச்சரே கையெழுத்துப் போடுவாரா என்று நிதானமாக இருக்கும்போது சிரிப்பு வரும். பணம் வரப்போகிறது என்று காத்திருப்பவருக்கு வராது.

கடிதத்தைவிட, பணம் போகும் இடத்தைப் பார்ப்பது நல்லது. யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும் திரையில் பெயர் வரும். அங்கே யாரோ ஒரு தனிநபர் பெயர் நின்றால் அது வாடகைக்கு எடுத்த சேமிப்புக் கணக்கு. எந்த நிறுவனமும் ஆள் பெயரில் பணம் வாங்காது.

இன்னொரு வகை இதைவிடத் தந்திரமானது. “பழைய பாலிசியை ரிலீஸ் பண்ண புதுசா 50,000-க்கு ஒரு பாலிசி போடணும், ஒரு மாசத்துல ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்பார்கள். செக் நிஜமான காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கே போகும், நிஜமான பாண்டும் வீட்டுக்கு வரும். முதல் ஆண்டுக் கமிஷனுக்காக நடக்கும் வேலை இது. அறுபதைத் தாண்டியவர் தலையில் ஆண்டுதோறும் 50,000 கட்டவேண்டிய 10 ஆண்டு பாலிசி விழுந்துவிடும். இதில் மட்டும் தப்ப வழி உண்டு. பாண்டு கைக்கு வந்த 30 நாளுக்குள் ‘ஃப்ரீ லுக்’ உரிமையில் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அதுவரையிலான காப்புக்குரிய சிறு தொகை போகப் பிரீமியத்தைத் திருப்பித் தரவேண்டும். அதனால்தான் அழைத்தவர் “ஒரு மாசம் பொறுங்க” என்று இழுப்பார். கம்பெனியிலிருந்து சரிபார்க்கும் போன் வந்தால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லச் சொல்வதும் இதற்குத்தான்.

தனிநபர் கணக்குக்குப் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழைக்கவேண்டும், அல்லது cybercrime.gov.in-ல் புகார் பதியவேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீளும், அதனால் பையன் பெங்களூரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பரிவர்த்தனை எண்ணும் பணம் போன கணக்கு விவரமும் கையில் இருக்கட்டும்.

நிறுவனத்தின் மீதான குறைக்குப் பாதை வேறு. புதுப் பாலிசியைத் தலையில் கட்டியது, வரவேண்டிய முதிர்வுத் தொகையை இழுத்தடிப்பது போன்றவற்றுக்கு முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். பதில் இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம் அல்லது 155255. அதற்கும் மேல், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மன் அலுவலகம். கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கும் அதுதான். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் போனில் ஏமாற்றிய முகம் தெரியாத ஆளை ஓம்புட்ஸ்மனால் ஒன்றும் செய்ய முடியாது, அது போலீஸ் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓம்புட்ஸ்மனுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் 1930-க்கு வேண்டிய நேரம் கைவிட்டுப் போய்விடும்.