வெறும் சுவருக்கு முன்னால் எந்த நிறச் சட்டை?

காணொளி நேர்காணலில் முகம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைப் பெரும்பாலும் சட்டையும் சுவரும்தான் தீர்மானிக்கின்றன. மடிக்கணினியின் கேமரா, எதிரில் தெரிவதையெல்லாம் சேர்த்து அளந்து, மொத்தப் படமும் நடுத்தர வெளிச்சத்துக்கு வரும்படி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். முகத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னுரிமை தரும் கேமராக்களும் உண்டு. விலை குறைந்தவற்றில் அதை நம்பியிருக்க முடியாது.

வெள்ளையடித்த சுவர், டியூப்லைட் வெளிச்சம், மாநிறமான ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை என்று வைத்துக்கொள்வோம். நேரில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். திரையில் படத்தின் பெரும்பகுதி வெள்ளையாகிவிடுவதால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். சுவர் சாம்பலாக மங்கும், முகம் இருண்டு கண்கள் நிழலுக்குள் போய்விடும், தோள் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அவரே மயில் நீலத்துக்கு மாறினால் படத்தில் வெள்ளை குறைகிறது. முகம் ஒரு படி வெளிச்சமாகும், தோளின் கோடும் சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். கறுப்புச் சட்டையில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரலாம்: கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, சிவந்த மேனியுள்ளவரின் நெற்றியும் கன்னமும் வெளுத்துப்போகும். சட்டையின் மடிப்பும் காலரும் ஒரே கருந்திட்டாகும்.

ஆகவே வெள்ளை, சந்தன நிறச் சுவர்களுக்கு நடுத்தர அடர்த்தியுள்ள நீலம், பாட்டில் பச்சை, கத்தரிப்பூ நிறம் ஆகியவை பொருந்தும். வெளிர்நீலமோ வெளிர்பச்சையோ அடித்த சுவருக்கு முன்னால் அரக்கு நிறம் எடுப்பாக இருக்கும். அடர்ந்த நிறச் சுவராக இருந்தால் வெளிர்நீலம் போன்ற இளநிறச் சட்டையே நல்லது. நிறத்தின் பெயரைவிட, சுவருக்கும் சட்டைக்கும் இடையே வெளிர்ப்பிலும் அடர்த்தியிலும் உள்ள வேறுபாடுதான் முக்கியம்.

ரத்தச் சிவப்பையும் கிளிப்பச்சையையும் தவிர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இணையத்தில் காணொளியைச் சுருக்கி அனுப்பும்போது, வெளிச்ச விவரம் ஒவ்வொரு புள்ளிக்கும் போகும். நிற விவரமோ வழக்கமாக 4 புள்ளிகளுக்கு ஒன்றுதான். அதனால் பளீர் சிவப்பின் ஓரங்கள் கசிந்தாற்போலத் தெரியும். பளிச்சென்ற துணியில் பட்டுத் திரும்பும் ஒளி தாடையின் அடியிலும் அதே நிறத்தைப் பூசிவிடும்.

நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் போட்ட சட்டை, ஆள் அசையும்போது திரையில் நெளிநெளியாக ஓடும். பட்டும் சாட்டினும் விளக்கு வெளிச்சத்தில் வெண்திட்டுகளாக மின்னும். பருத்தியில் ஒரே நிறத் துணி போதும்.

தேர்ந்த சட்டையைச் சோதிக்க, நேர்காணல் நடக்கப்போகும் அதே நேரத்தில், அதே விளக்கில், அதே நாற்காலியில் அமர்ந்து கேமராவில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். சுவரும் சட்டையும் ஒரே சாம்பலாகக் கலந்தால் சட்டையை மாற்ற வேண்டும். இரண்டும் தெளிவாகப் பிரிந்தும் முகம் இருண்டே இருந்தால் குறை சட்டையில் இல்லை. விளக்கை முகத்துக்கு எதிரே கொண்டுவர வேண்டும்.