இரண்டு வீட்டுப் பறைகள்

ஒரு தெருவில் சாவு வீடு. அதே தெருவில் கல்யாண வீடு. நம் ஊர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார் இந்தக் காட்சியை வைத்தே ஒரு வழக்கை நடத்தியிருக்கிறார். புறநானூற்றின் 194ஆம் பாடல் அது. மொத்தம் 7 அடிகள்தான்.

முதல் 4 அடிகளில் நான்கு காட்சிகள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொன்றில் மணமுழவு. கணவனோடு இருப்பவள் பூச்சூடுகிறாள். பிரிந்தவள் மைதீட்டிய கண்ணில் நீர் வடிக்கிறாள். முதல் இரண்டும் காதுக்கு, அடுத்த இரண்டும் கண்ணுக்கு. எதிரெதிர் என்றாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவான ஒன்று உண்டு. அங்கே பறை, இங்கே பெண். அந்தப் பொது இல்லாவிட்டால் முரண் உறைக்காது.

வரிசையையும் கவனியுங்கள். துக்கம், மகிழ்ச்சி; பிறகு மகிழ்ச்சி, துக்கம். இரண்டு இன்பங்களையும் நடுவில் வைத்து, இருபுறமும் துன்பம் நிற்கிறது. கடைசியாக நம் கண்ணில் தங்குவது அழும் முகம். அதற்கு அடுத்த அடியிலேயே, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார். பூச்சூடியவளை கடைசியில் வைத்திருந்தால் இந்தக் கோபத்துக்கு இடமே இருந்திருக்காது.

வினைச்சொற்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நான்கு காட்சிகளும் ‘ஒலிக்க, அணிய’ என்பது போன்ற எச்சங்களாகவே நிற்கின்றன. ஒன்றுகூட முற்றாக முடிவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்ற உணர்வு அதனால்தான் வருகிறது. இன்று கல்யாணம், நாளை சாவு என்று சொல்லியிருந்தால் அது வாழ்க்கையின் ஏற்ற இறக்கம். யாரையும் குறைசொல்ல முடியாது. ஒரே வேளையில் ஒருவருக்குப் பூ, இன்னொருவருக்குக் கண்ணீர் என்றால் பங்கிட்டவனைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கு அதோடு முடியவில்லை. உலகம் இன்னாதது என்கிறது 6ஆம் அடி. அதன் இயல்பை அறிந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்கிறது கடைசி அடி. வீட்டின்பம் தரும் நல்ல செயல்களைச் செய்துகொள்ளுங்கள் என்று பழைய உரை இதற்குப் பொருள் சொல்கிறது. துன்பத்தின் நடுவிலும் இனிமையைத் தேடிக்கொள் என்று படிப்பவர்களும் உண்டு. எப்படிப் படித்தாலும், நான்கு காட்சிகளில் பார்த்த எதிர்நிலை இங்கே இரண்டு சொற்களாகச் சுருங்கி, குற்றச்சாட்டாகத் தொடங்கியதை அறிவுரையாக மாற்றிவிடுகிறது.

சொல்லிலோ பொருளிலோ எதிர்ப்பட அமைவதை யாப்பிலக்கணம் முரண் தொடை என்கிறது. ஆனால் இரவு–பகல், மேடு–பள்ளம் என்று அடுக்கினால் மட்டும் கவிதை வாதாடாது. அடுத்த முறை ஒரு கவிதையில் முரணைக் கண்டால் ஒரு பாதியைக் கையால் மூடிவிட்டுப் படியுங்கள். முடிவு அப்படியே நின்றால் அந்த முரண் வெறும் அலங்காரம். நன்கணியார் பாட்டில் கல்யாண வீட்டை மூடிப்பாருங்கள். மிஞ்சுவது ஒப்பாரி மட்டும்தான்.