அரை மீட்டர் உயரும் தேம்ஸ் சுவர்

1928 ஜனவரி 7 அதிகாலை லண்டனில் தேம்ஸ் நதி கரையைத் தாண்டியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்கே பெய்திருந்த பனி உருகி நதியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் வடகடலிலிருந்து புயல் அலை முகத்துவாரம் வழியாக ஏறி வந்தது. லாம்பெத் பாலத்துக்கு அருகே, மில்பேங்க் பக்கத்தில் கரைச்சுவர் உடைந்தது. 14 பேர் மூழ்கி இறந்தார்கள். தரைமட்டத்துக்குக் கீழே இருந்த அறைகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வெளியே வரக்கூட நேரம் கிடைக்கவில்லை.

இன்று நதியின் கீழ்ப்பகுதியில், வூலிச்சில், தேம்ஸ் தடுப்பணை இருக்கிறது. 1982 முதல் அது கடலலையைத் தடுத்துவருகிறது. ஆனாலும் நகருக்குள் கரைச்சுவர்களின் வேலை முடியவில்லை. கடல்மட்டம் உயர்வதால், தடுப்பணைக்கு மேற்புறம் உள்ள சுவர்களை 2050க்குள் அரை மீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2023இல் புதுப்பித்த திட்டம் சொல்கிறது.

அரை மீட்டர் என்பது முழங்கால் உயரம். மேலே நாலு வரிசைக் கல் வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஏன் போதாது என்பதைக் காட்டும் கணக்கு பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். முக்கோணச் சுமை தாங்கும் கேன்டிலீவரின் விலகலை, கையேட்டில் இருக்கும் சில எளிய கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் கண்டுபிடிப்பதுதான் அது.

19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் பசல்ஜெட் காலத்து எம்பாங்க்மென்ட் சுவர்கள் தங்கள் கனத்தாலேயே நிற்பவை. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். பிற்காலத்துக் கான்கிரீட் சுவர் மெல்லியது. அடியில் அகலமான அடித்தளம், அதில் இறுகப் பிடிக்கப்பட்ட சுவர், மேல் முனையில் எந்தப் பிடிப்பும் இல்லை. ஒரு பால்கனியை நிமிர்த்தி வைத்தது போன்ற அமைப்பு. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும் இதைத்தான் கேன்டிலீவர் என்கிறோம்.

கணக்குக்காக ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மீட்டர், தடிமன் 30 சென்டிமீட்டர், கம்பி கட்டிய கான்கிரீட். சுவரின் நீளத்தில் ஒரு மீட்டரை மட்டும் பார்ப்போம். இவை குறிப்பிட்ட எந்தச் சுவரின் அளவும் அல்ல. கணக்கு எளிதாக வரும் முழு எண்கள்.

நீர் சுவரின் விளிம்பு வரை ஏறி நிற்கிறது. மேல்மட்டத்தில் அழுத்தம் பூஜ்யம். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோநியூட்டன் கூடுகிறது. அடியில், 3 மீட்டர் ஆழத்தில், அது 30. வரைந்தால் மேலே கூராகவும் கீழே அகலமாகவும் ஒரு முக்கோணம் கிடைக்கும். நதி எவ்வளவு அகலம் என்பதற்கு இதில் பங்கே இல்லை. உங்கள் வீட்டு சம்ப்பில் 3 மீட்டர் தண்ணீர் நின்றாலும் அதன் சுவருக்கு இதே முக்கோணம்தான்.

சுவர் வளைவதை எதிர்க்கும் விறைப்பை EI என்று எழுதுவது வழக்கம். E என்பது கான்கிரீட்டின் மீட்சிக் குணகம். I என்பது தடிமனிலிருந்து வருவது. நம் சுவருக்கு இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 67,500 கிலோநியூட்டன்-சதுரமீட்டர்.

இப்போது மேல் முனை எவ்வளவு விலகும்? முக்கோணத்துக்கு நேரடியாகத் தொகையீடு செய்யலாம். ஆனால் அதைவிட அழகான வழி ஒன்று உண்டு. கையேட்டைத் திறந்தால் இரண்டு கணக்குகள் ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கும். சுவரின் உயரம் L, சுமை எல்லா இடத்திலும் ஒரே அளவாக w என்று இருந்தால் முனையின் விலகல் wL⁴/(8EI). பிடிமானத்தில் பூஜ்யமாகத் தொடங்கி, முனையில் w ஆக வளரும் தலைகீழ் முக்கோணமாக இருந்தால் 11wL⁴/(120EI). நமக்கு வேண்டியது இரண்டும் அல்ல. ஆனால் சீரான சுமையிலிருந்து தலைகீழ் முக்கோணத்தை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது நம் நீரின் முக்கோணமே. சுமைகளைக் கழிக்கலாம் என்றால் விலகல்களையும் கழிக்கலாம். முதலாவது 15/120, இரண்டாவது 11/120. மிச்சம் 4/120, அதாவது wL⁴/(30EI).

எண்களைப் போட்டால், 30 கிலோநியூட்டன் சீராக அழுத்தினால் 4.5 மில்லிமீட்டர், தலைகீழ் முக்கோணத்துக்கு 3.3 மில்லிமீட்டர். வித்தியாசம் 1.2 மில்லிமீட்டர். ஒரே அடிப்பக்கமும் ஒரே உயரமும் கொண்ட இரண்டு முக்கோணங்களில் மொத்தச் சுமை ஒன்றே. ஆனால் கனமான பக்கம் மேலே இருக்கும்போது விலகல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கையேட்டில் படத்தைப் பார்க்காமல் சூத்திரத்தை மட்டும் எடுப்பவர்கள் வழுக்கும் இடம் இதுதான்.

இப்படிக் கழிக்க அனுமதி தந்தவரும் லண்டனில் வாழ்ந்தவர்தான். கிரெஷாம் கல்லூரியில் இருந்த ராபர்ட் ஹூக், இழுவிசைக்கு ஏற்ற விகிதத்தில் நீட்சி என்ற தன் கண்டுபிடிப்பை 1676இல் கலைத்துப்போட்ட எழுத்துகளாக அச்சிட்டார். 1678இல்தான் புதிரை விடுவித்தார். இரட்டிப்புச் சுமைக்கு இரட்டிப்பு விலகல் என்பது உண்மையாக இருக்கும்வரை, சுமைகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, தனித்தனியே கணக்கிட்டு, கடைசியில் சேர்த்துவிடலாம். இதுதான் மேற்பொருந்துதல்.

இனி அரை மீட்டருக்கு வருவோம். அதே தடிமனில் சுவரை 3.5 மீட்டராக உயர்த்தி, நீரும் அதன் விளிம்பு வரை ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிதாகக் கட்டிய அரை மீட்டரில் உள்ள நீர் மிகச் சிறிய முக்கோணம், மொத்தமே 1.25 கிலோநியூட்டன்தான். நம் கண் அதைத்தான் பார்க்கிறது. உண்மையான பாரம் கீழே இருக்கிறது. நீர்மட்டம் அரை மீட்டர் ஏறியதும், பழைய சுவரின் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் 5 கிலோநியூட்டன் கூடிவிட்டது. பழைய முக்கோணம் அப்படியே இருக்க, அதன்மேல் சீரான சுமை ஒன்று மேலிருந்து கீழ் வரை வந்து ஒட்டிக்கொள்கிறது.

துண்டுகளைச் சேர்ப்போம். பழைய சுவரின் உச்சியில், 3 மீட்டர் உயரத்தில், பழைய முக்கோணம் தரும் விலகல் 1.2 மில்லிமீட்டர். புதிய சீரான சுமை 0.75 தருகிறது. மேலே உள்ள சிறு முக்கோணத்தின் தள்ளலும் அதன் திருப்பமும் சேர்ந்து சுமார் 0.18. ஆக 2.13. அத்தோடு முடியவில்லை. அந்த இடத்தில் சுவர் நகர்வதோடு சாய்ந்தும் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள அரை மீட்டர் அந்தச் சாய்விலேயே நேராக நீள்வதால் இன்னும் 0.46 சேர்கிறது. புதிய உச்சியில் மொத்தம் 2.59 மில்லிமீட்டர்.

சரிதானா என்று பார்க்க, 3.5 மீட்டர் உயரத்தையும் 35 கிலோநியூட்டனையும் wL⁴/(30EI) சூத்திரத்தில் நேராகப் போட்டுப் பாருங்கள். அதே 2.59 வரும். இரண்டு வழியாகவும் ஒரே விடை வருவது மாணவர்களுக்கு வெறும் மகிழ்ச்சி. சுவர் கட்டுபவருக்கு அது பாதுகாப்பு. உயரம் ஆறில் ஒரு பங்கு கூடியது. விலகலோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அடியில் உள்ள அழுத்தமும் உயரத்தோடு வளர்வதால், விலகல் உயரத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது.

இங்கே ஒரு குறுக்குவழி பலரையும் இழுக்கும். முக்கோணத்தின் மொத்தச் சுமையை, 3 மீட்டர் சுவருக்கு 45 கிலோநியூட்டனை, அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரே புள்ளியில் வைத்துவிடலாமே என்பார்கள். அடிப்பகுதியின் திருப்புத்திறனைக் கண்டுபிடிக்க அது சரியான வழி. 45 கிலோநியூட்டன்-மீட்டர் என்று மிகச் சரியாக வரும். அந்த விடை சரியாக வந்த நம்பிக்கையில் விலகலையும் அப்படியே போட்டால் 0.89 மில்லிமீட்டர் கிடைக்கும். உண்மையைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. காரணம், விலகலில் உயரமான இடத்துச் சுமைக்கு எடை மிக அதிகம். முக்கோணத்தின் மேல்பகுதியில் உள்ள கொஞ்சம் சுமையும் அங்கே பேசும். புள்ளிச்சுமையில் அந்தப் பகுதியே காணாமல் போய்விடுகிறது.

இதுவரை கான்கிரீட் விரிசல் விடாது என்று எண்ணிக்கொண்டே வந்தோம். நம் சுவரில் நல்ல தரமான கான்கிரீட் இருந்தால், ஏறத்தாழ 44 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனில் நீர்ப் பக்கத்து அடியில் முதல் விரிசல் விழும். பழைய உயரத்திலேயே நாம் 45இல் நிற்கிறோம், விளிம்புதான். அரை மீட்டர் உயர்த்தியதும் அது 71 ஆகிவிடுகிறது. விரிசல் விட்ட பகுதியில் விறைப்பு பல மடங்கு குறையும். அதன் பிறகு EI நிலையான எண் அல்ல, சுமையைப் பொறுத்து மாறும். ஹூக்கின் அனுமதி அங்கே காலாவதி. 1.2 ஐயும் 0.75 ஐயும் கூட்டினால் கிடைக்கும் விடையைவிடச் சுவர் அதிகமாக நகரும். சுவர் உடனே விழுந்துவிடாது. உள்ளே கம்பி இருக்கிறது. ஆனால் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டிய கணக்கை அந்த இடத்துக்கு மேல் நம்பக்கூடாது. உயர்த்துவதற்கு முன் அடியில் என்ன கம்பி, எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுவது இதனால்தான்.

இன்னொரு நகர்வும் உண்டு. அடித்தளம் களிமண்ணில் சற்றே சுழலலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு சுழன்றாலே 3 மீட்டர் உயரத்தில் 3 மில்லிமீட்டர். வளைவால் வந்த 1.2ஐவிட அதிகம். இதையும் தனித் துண்டாகக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்த்தால் உச்சியில் 4.2 மில்லிமீட்டர் என்று மட்டுமே தெரியும். வளைந்ததா, சுழன்றதா?

பாதி உயரத்திலும் ஓர் அளவை எடுத்தால் பிரித்துவிடலாம். சுவர் விறைப்பாகச் சுழன்றால் பாதி உயரத்தில் சரியாகப் பாதி நகர்வு இருக்கும். நீரின் முக்கோணத்தால் வளைந்தால் அடிப்பகுதி நிமிர்ந்தே கிளம்புவதால் பாதி உயரத்தில் 38 சதவீதம்தான். நம் எடுத்துக்காட்டில் அங்கே 1.96 வரும். உச்சி அளவிலிருந்து அதன் இரு மடங்கைக் கழித்தால் 0.28, வளைவுக்கு மட்டுமே உரியது அது. பூஜ்யமாக வந்திருந்தால் முழுக்கச் சுழற்சி. 0.28 மில்லிமீட்டர் மிகச் சிறிய வித்தியாசம் என்பதால், ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் பல முறை அளந்து, பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குத் துல்லியம் இருந்தால்தான் இந்தப் பிரிப்பு நிற்கும். வளைவுதான் பெரிது என்றால் வேலை சுவரில். சுழற்சிதான் பெரிது என்றால் மேலே எவ்வளவு கம்பி சேர்த்தும் பயனில்லை, அடித்தளத்தைத்தான் பலப்படுத்த வேண்டும்.