யென்னுக்குச் சென் இல்லை, தினாருக்கு மூன்று தசமம்: இணையக் கடைக்காரர்கள் கவனத்திற்கு

ஜோர்ஜ்டவுன் - பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலை, மசாலா விற்கும் கடைகள் இணையத்தில் வெளிநாட்டுக்கும் விற்கத் தொடங்கினால், முதலில் தடுமாறும் இடம் தசமப் புள்ளிதான்.

நம் ரிங்கிட்டில் 100 சென். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜப்பானிலும் ஒரு காலத்தில் சென் இருந்தது. 1953ஆம் ஆண்டு இறுதியோடு அது புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று யென்னுக்குக் கீழே காசு கிடையாது. குவைத் தினாரிலோ 1,000 ஃபில்ஸ். ஆகவே யென்னுக்குத் தசம இடம் இல்லை, தினாருக்கு மூன்று. ஐ.எஸ்.ஓ. 4217 என்ற அனைத்துலகப் பட்டியலில் JPY, KWD போன்ற குறியீடுகளுடன் இந்த இடக்கணக்கும் உண்டு.

ஒரு கடையில் 45.89 ரிங்கிட் விலையில் மூன்று சேலைகள் வாங்கினால் மொத்தம் 137.67 ரிங்கிட். கணக்குக்காக 1 ரிங்கிட் 35.2 யென் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலையையும் தனியாக மாற்றினால் 1,615 யென், மூன்றுக்கும் 4,845. மொத்தத்தை மாற்றினால் 4,846. ஒரு யென் இடிக்கிறது. சரக்கு நூறு வகையானால் இடிப்பும் வளரும். ரிங்கிட்டிலேயே கூட்டி, மொத்தத்தை ஒருமுறை மாற்றி, ஒரேயொரு முறை முழுமையாக்குவதே சரி.

இன்னொரு பழக்கமும் குறுக்கே வரும். 2008 ஏப்ரல் 1 முதல் நாம் ரொக்க பில்லை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறோம். கல்லாப்பெட்டி பழக்கத்தில் 137.67ஐ 137.65 ஆக்கிவிட்டு மாற்றினால் மறுபடியும் 4,845தான் வரும். அந்த விதி ரொக்கத்துக்கு மட்டுமே. அட்டைக்கோ இணையக் கட்டணத்துக்கோ இல்லை.

இவை சில்லறைத் தவறுகள். பெரிய அடி வேறிடத்தில் விழும். பல கட்டண மென்பொருள்கள் தொகையைப் புள்ளி இல்லாமல், மிகச் சிறிய காசின் எண்ணிக்கையாகவே அனுப்பச் சொல்கின்றன. 137.67 ரிங்கிட் என்றால் 13767. எல்லா நாணயத்தையும் இப்படியே 100ஆல் பெருக்கினால் 4,846 யென் 484600 ஆகிவிடும். வாடிக்கையாளர் அட்டையில் 13,700 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்கப்படும்! தினாரில் இது தலைகீழ். 1 தினார் 14 ரிங்கிட் என்றால் மொத்தம் 9.834 தினார்; அனுப்ப வேண்டியது 9834. இரண்டு தசமத்தோடு நிறுத்தி 983 என்று அனுப்பினால், கடைக்கு வருவது 0.983 தினார், ஏறக்குறைய 13.76 ரிங்கிட். அதிகம் பிடித்தால் வாடிக்கையாளர் சத்தம் போடுவார். குறைவாகப் பிடித்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

சரிபார்க்க எக்செல் போதும்:

```
=ROUND(137.67*35.2,0)
=ROUND(137.67/14,3)
```

முதலாவது 4846, இரண்டாவது 9.834 காட்டும். கடையைத் திறக்குமுன் இரண்டு நாணயத்திலும் ஒரு சோதனை ஆர்டர் போட்டு, கட்டண ரசீதில் உள்ள தொகையை இதோடு ஒப்பிடலாம். பணத்தைத் திருப்பித் தரும்போது அன்றைய விகிதத்தில் புதிதாக மாற்றக்கூடாது. முதலில் பிடித்த அதே 4,846 யென்னையே திருப்ப வேண்டும்.