செலவில்லாத காலர்: எதை விட்டுக் கொடுக்கிறோம்?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளருக்கு மூன்று மாதம் கழித்து 1,00,000 டாலர் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் போடும் நாளில் டாலர் 86 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நூல், சாயம், தையல் கூலி எல்லாம் ரூபாயில் போகிறது. டாலர் 84க்கு இறங்கினால் 2 லட்சம் ரூபாய் குறைந்துவிடும்.

வங்கியில் ஃபார்வர்டு போட்டால், மூன்று மாதத்துக்கு 86.50 என்று விலை உறுதியாகிவிடும். ஆனால் அதன்பின் டாலர் எவ்வளவு ஏறினாலும் அவருக்கு ஒன்றும் கூடாது. 'இறங்கினால் பாதுகாப்பு வேண்டும், ஏறினால் கொஞ்சமாவது கிடைக்க வேண்டும்' என்பவருக்காக இருப்பது ஜீரோ காஸ்ட் காலர்.

இதில் இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. 85.80 ரூபாய்க்கு டாலரை விற்கும் உரிமையை அவர் வங்கியிடம் வாங்குகிறார். இது புட் ஆப்ஷன். அதே நாளில், 87.25 ரூபாய்க்குத் தன் டாலரை வாங்கிக்கொள்ளும் உரிமையை வங்கிக்கு விற்கிறார். இது கால் ஆப்ஷன். ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய பிரீமியமும் மற்றதற்கு வரவேண்டிய பிரீமியமும் நேராகிவிடுவதால் கையிலிருந்து பணம் போகாது.

முடிவு நாளில் டாலர் 84 என்றால் அவருக்கு 85.80 கிடைக்கும். 86.70 என்றால் இரண்டு உரிமைக்கும் வேலையில்லை. சந்தை விலைக்கே விற்கலாம். 89 ஆனாலும் அவருக்கு 87.25தான். மேலே உள்ள 1.75 ரூபாயை விட்டுக்கொடுத்ததுதான் இந்தப் பாதுகாப்பின் விலை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டர் ரத்தானாலோ, பணம் தள்ளிப்போனாலோ, வங்கிக்கு விற்ற உரிமை ரத்தாகாது. அன்று டாலர் 89 என்றால், வராத டாலருக்காக 1.75 லட்சம் ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். அதனால் உறுதியான ஆர்டரின் ஒரு பகுதிக்கு மட்டும் காலர் போடுவது நல்லது.

வாங்கும் உரிமையின் அளவு 1 லட்சம், விற்ற உரிமையின் அளவு 2 லட்சம் என்று இருந்தால் அது காலரே அல்ல. இப்படித் தொகையைப் பெருக்கிய சிக்கலான ஒப்பந்தங்களில்தான் 2008இல் பல ஏற்றுமதியாளர்கள் சிக்கினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 40 ரூபாய்க்குள் இருந்த டாலர், ஆண்டு முடிவதற்குள் 50ஐத் தொட்டது.

வங்கியின் லாபம் இந்த இரண்டு விலைகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பிரீமியத்தையும் தனித்தனியாக, பைசா கணக்கில் கேளுங்கள். அதே கேள்வியை அதே நாளில் இன்னொரு வங்கியிடமும் கேளுங்கள். விற்ற உரிமையின் விலை வாங்கியதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் பணம்.